டப்பா வேறு, மூடி வேறு, வளையம் வேறு: கிச்சன் டப்பா லிஸ்டிங் எழுத முழு வழிகாட்டி

மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ பாத்திரக் கடைக்கு வருகிறவர் டப்பாவைக் கையில் எடுத்ததும் மூன்று காரியம் செய்வார். மூடியைத் திறந்து மூடிப் பார்ப்பார். கவிழ்த்து அடியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு, "இதுல ஒரு கிலோ சீனி பிடிக்குமாண்ணே?" என்று கேட்பார். ஆன்லைனில் வாங்குகிறவரால் இந்த மூன்றில் ஒன்றையும் செய்ய முடியாது. அதை அவருக்காகச் செய்து எழுதி வைப்பதுதான் லிஸ்டிங்.

பெரும்பாலான லிஸ்டிங்குகளில் அது நடப்பதில்லை. சப்ளையர் அனுப்பிய வரி அப்படியே ஏறுகிறது: "ஃபுட் கிரேடு, பிபிஏ ஃப்ரீ, ஏர்டைட், லீக் ப்ரூஃப், மைக்ரோவேவ் சேஃப், ஃப்ரீசர் சேஃப், 12 பீஸ் செட்." டப்பா வீட்டுக்குப் போன பிறகுதான் சிக்கல் தெரியும். 12 பீஸ் என்றது 6 டப்பாவும் 6 மூடியும். மைக்ரோவேவ் சேஃப் என்றது அடிப்பாகம் மட்டும். ஏர்டைட் மூடியில் மீன் குழம்பு கசிகிறது. ரிட்டர்ன் வந்த பெட்டியைத் திறந்தால் வளையத்தில் புளியும் மஞ்சளும் ஒட்டியிருக்கும், அதைத் திரும்ப விற்கவும் முடியாது.

இதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும். டப்பாவை ஒரு பொருளாக எண்ணாமல் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அடிப்பாகம், மூடி, வளையம். எந்த உறுதி சொன்னாலும் அது இந்த மூன்றில் எதற்குப் பொருந்தும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கீழே ஒரு செட்டை எடுத்து மேஜையில் வைத்து, லிஸ்டிங் முடியும்வரை கொண்டுபோகிறோம். நான்கு பக்கமும் லாக் உள்ள பிளாஸ்டிக் டப்பா, மூன்று அளவு, ஒவ்வொன்றிலும் இரண்டு. சப்ளையர் சொல்லும் அளவு 500, 1000, 1800 மி.லி. தேவையான கருவிகள்: கிராம் காட்டும் கிச்சன் தராசு, ஒரு ஸ்கேல், செய்தித்தாள், மஞ்சள் தூள், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், ஒரு ஃப்ரீசர்.

பொருள்: அடியில் இருக்கும் எண் சொல்வதும் சொல்லாததும்

டப்பாவைக் கவிழ்த்தால் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், கடைப் பேச்சில் பிபி. 1 என்றால் பெட், அதாவது தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக். மளிகை போட்டு வைக்கும் பளிங்கு போன்ற ஜாடிகள் பெரும்பாலும் இதுதான். 7 என்பது தனி ஒரு பிளாஸ்டிக் அல்ல, மற்ற ஆறு எண்களிலும் சேராத எல்லாம் அதில் வரும். பாலிகார்பனேட்டும் அதில்தான் வருகிறது, அதைச் செய்யப் பயன்படும் பிபிஏ என்ற வேதிப்பொருள் பற்றிய கவலை பொருந்துவதும் அங்கேதான். பாலிப்ரொப்பிலீன் செய்ய பிபிஏ வேண்டியதே இல்லை. ஆகவே பிபி டப்பாவுக்கு "பிபிஏ ஃப்ரீ" என்று போடுவது பொய் ஆகாது, ஆனால் வாங்குகிறவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. தலைப்பில் அந்த இடத்தை வேறு நல்ல தகவலுக்குக் கொடுக்கலாம்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. முக்கோணத்துக்குள் 5 இருப்பதைப் பார்த்ததும் "ஃபுட் கிரேடு, மைக்ரோவேவ் சேஃப்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண் மறுசுழற்சிக்காகப் போடுவது. என்ன பிளாஸ்டிக் என்பதை மட்டும் சொல்லும். அதே பிபியில் குப்பைக்கூடையும் செய்கிறார்கள், அதிலும் 5 இருக்கலாம். உணவுக்கு ஏற்றது என்பதற்குத் தனிக் குறி உண்டு: ஒயின் கோப்பையும் முள்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மைக்ரோவேவுக்கு அலை அலையான கோடுகள், ஃப்ரீசருக்குப் பனிப்பூ. இந்தக் குறிகளை அடிப்பாகத்திலும் மூடியிலும் தனித்தனியே தேடுங்கள். அடியில் மூன்றும் இருந்து மூடியில் ஒன்றும் இல்லாத செட்டுகள் ஏராளம். அது அச்சுப் பிழை இல்லை, மூடிக்குத் தயாரிப்பாளர் அந்த உறுதி கொடுக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறி இல்லாமல் வாய்ச்சொல்லில் "ஃபுட் கிரேடுதான் சார்" என்றால், சப்ளையரிடம் ஐ.எஸ். 9845 டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். உணவு படும்போது பிளாஸ்டிக்கிலிருந்து எவ்வளவு பொருள் வெளியேறுகிறது என்று பார்க்கும் முறை அது. உணவுப் பேக்கேஜிங்குக்கான 2018 விதிமுறையில் அந்த மொத்த அளவுக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 60 மில்லிகிராம். ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் பொருளும் உங்கள் கையில் இருக்கும் டப்பாவும் ஒன்றுதானா என்று பாருங்கள். வெள்ளை டப்பாவுக்கு எடுத்த ரிப்போர்ட்டைக் கறுப்பு டப்பாவுக்குக் காட்டுவது வழக்கமான வித்தை.

ஸ்டீல் டப்பாவுக்கு வேறொரு கண்ணி. காந்தம் ஒட்டாவிட்டால் 304 ரக ஸ்டீல் என்று எழுதுகிறார்கள். 202 ரக ஸ்டீலும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். உப்பும் புளியும் நாள்பட இருந்தால் 304-ஐவிடச் சீக்கிரம் புள்ளி விழும். நல்ல 304-இல்கூட, அழுத்தி வளைத்த விளிம்பில் காந்தம் லேசாக இழுக்கும். ஆகவே காந்தம் இதற்குச் சாட்சி ஆகாது. பில்லிலோ பாத்திரத்தின் முத்திரையிலோ 304 என்று இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்பதோடு நிறுத்துங்கள்.

கண்ணாடி என்றால் போரோசிலிகேட்டா, டெம்பர் செய்த சாதாரணக் கண்ணாடியா என்பதைச் சொல்ல வேண்டும். சூடுபட்டால் போரோசிலிகேட் விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சூடும் குளிரும் மாறி மாறிப் படும்போது அது தாங்குவதற்குக் காரணம் இதுவே.

நம் செட்டுக்கு வருவோம். அடிப்பாகத்தில் 5, கோப்பை–கரண்டி, அலை, பனிப்பூ எல்லாம் உண்டு. மூடியில் 5 மட்டும் உண்டு. வளையம் சிலிக்கான், கழற்ற வருகிறது. எழுத வேண்டியது: "அடிப்பாகம்: பிபி. மூடி: பிபி. வளையம்: சிலிக்கான், கழற்றிக் கழுவலாம்." ஒரே வரி, மூன்று தகவல்.

மூடி: காற்று புகாததும் தண்ணீர் கசியாததும் ஒன்றல்ல

"ஏர்டைட்" என்ற சொல்லை எல்லா மூடிக்கும் போட்டுப் போட்டு அது தேய்ந்துவிட்டது. வாங்குகிறவர் மனசில் இருப்பது இரண்டு தனிக் கேள்விகள். ஒன்று, மழைக்காலத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் நமுத்துப் போகுமா? இன்னொன்று, பேருந்தில் பையைச் சாய்த்தால் தீயல் ஒழுகுமா? முதல் கேள்வி கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அதையொட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்கும் சாதாரணக் கேள்வி இல்லை. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிறது. வருஷத்தில் பாதி நாள் காற்றிலேயே ஈரம் நிற்கும்.

மூன்று சோதனை செய்யுங்கள், செட்டில் ஒரு டப்பாவுக்கு மட்டும் இல்லாமல் ஒவ்வொரு அளவிலும் ஒன்றுக்கு. பெரிய டப்பாவில் நீண்ட பக்கத்தின் நடுவில்தான் மூடி லேசாக வளைந்து பிடி தளரும். சின்னது பாஸாகி, பெரியது தோற்பது சகஜம்.

முதலாவது காகிதச் சோதனை. செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் வைத்து லாக் போடுங்கள். மெதுவாக இழுங்கள். காகிதம் கிழிந்தாலோ இறுக்கமாக வந்தாலோ அங்கே வளையம் நன்றாக அழுத்துகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் ஓட்டை. நான்கு பக்க நடுவிலும் நான்கு மூலையிலும், மொத்தம் எட்டு இடத்தில் செய்யுங்கள். மூலையில் வளையம் முறுக்கிக்கொண்டு கிடப்பது இதில் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது தண்ணீர்ச் சோதனை. முக்கால் அளவு தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் கலக்கி மூடி, வெள்ளைத் துணிமேல் தலைகீழாக 10 நிமிடம் வையுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து வையுங்கள், கடைசியில் பத்துத் தடவை குலுக்குங்கள். துணியில் மஞ்சள் படாவிட்டால் தண்ணீர் கசியவில்லை. இதையே தேங்காய் எண்ணெயில் திரும்பச் செய்தால் இன்னும் கடுமையான சோதனை, தண்ணீர் நிற்கிற நூலிழைச் சந்தில் எண்ணெய் நுழைந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையிலோ ஏ.சி. அறையிலோ சோதித்துவிட்டு "எண்ணெயும் கசியவில்லை" என்று எழுதினால், கசியாததற்குக் காரணம் மூடி அல்ல.

மூன்றாவது ஈரச் சோதனை. இதற்குப் பொறுமை வேண்டும். 100 கிராம் புது சிப்ஸை டப்பாவில் போட்டு மூடுங்கள். இன்னொரு 100 கிராமைத் தட்டில் திறந்து வையுங்கள். ஐந்து நாள் கழித்து இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். ஈரம் ஏறினால் எடை கூடும். தட்டில் இருந்தது கூடி, டப்பாவில் இருந்தது நூறிலேயே நின்று, கடித்தால் மொறுமொறுவென்றும் இருந்தால் தாராளமாக "காற்று புகாது" என்று எழுதலாம். மழை இல்லாத நாளில் செய்தால் தட்டு சிப்ஸும் அதிகம் மாறாது, அந்தச் சோதனையால் பயனில்லை.

முடிவைப் பொறுத்து மூன்று சொற்களில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். மூன்றிலும் தேறினால் "காற்று புகாது, குழம்பு கசியாது". ஈரச் சோதனையில் மட்டும் தேறினால் "மளிகைக்கும் பலகாரத்துக்கும் காற்று புகாத மூடி, குழம்பு கொண்டுபோக அல்ல". தண்ணீர், ஈரம் இரண்டு சோதனையிலும் தேறாவிட்டால் "அழுத்தி மூடும் சாதாரண மூடி". கடைசியாகச் சொன்னதை எழுதத் தயங்க வேண்டாம். பருப்பு, மிளகாய் வற்றல் போட்டு வைக்கிறவருக்கு அது போதும், விலையும் குறைவு. நம் செட் மூன்று சோதனையிலும் தேறியது என்று வைத்துக்கொள்வோம்.

மூடியில் பின்னால் கெட்டுப் போகிற இடம் லாக்கின் மடிப்பு. நல்ல பிபி மெல்லிய மடிப்பில் ஆயிரக்கணக்கான தடவை வளைந்தாலும் முறியாது, அதனால்தான் லாக் மூடிகளை அதில் செய்கிறார்கள். ஒரு லாக்கை ஐம்பது தடவை திறந்து மூடிப் பாருங்கள். மடிப்பு லேசாக வெளுப்பது இயல்பு. கீறல் விழுந்தால் அந்தச் சரக்கையே எடுக்காதீர்கள். மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். கிடைக்காது என்றாலும் எழுதுங்கள்.

வளையம் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். சிலிக்கான் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவாடு போட்ட டப்பாவில் அப்புறம் சீனி போட்டால் காலை காப்பியில் நெத்திலி மணக்கும். "கருவாட்டுக்கு ஒரு டப்பாவை ஒதுக்கிவிடவும்" என்று லிஸ்டிங்கில் எழுதுவது விற்பனையைக் கெடுக்காது. எழுதியிருப்பவர் சமையலறை தெரிந்தவர் என்ற நம்பிக்கைதான் வரும்.

மைக்ரோவேவ்: அனுமதி யாருக்கு, எதற்கு, எவ்வளவு

இந்த உறுதியை நீங்களே சோதித்து உண்டாக்க முடியாது. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரு வீட்டுச் சோதனை ஊரெங்கும் சுற்றுகிறது: காலி டப்பாவையும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரையும் சேர்த்து உள்ளே வைத்து ஒரு நிமிடம் ஓட்டுவது, டப்பா சூடாகாவிட்டால் சரி என்பது. டப்பா மைக்ரோவேவ் அலையை உறிஞ்சுகிறதா என்பது மட்டும்தான் அதில் தெரியும். சூடான உணவு பட்டால் அந்தப் பிளாஸ்டிக் என்ன ஆகும் என்பது தெரியாது. குறியோ தயாரிப்பாளரின் எழுத்தோ இருந்தால்தான் "மைக்ரோவேவுக்கு ஏற்றது" என்று எழுத வேண்டும். இல்லையென்றால் "மைக்ரோவேவில் வைக்க வேண்டாம்".

குறி இருந்தாலும் அது சூடு பண்ணுவதற்கு மட்டும். சமைப்பதற்கு அல்ல. காரணம் எளிது: தண்ணீர் உள்ள உணவு 100 டிகிரியைச் சுற்றி நின்றுவிடும், ஆனால் எண்ணெயும் சர்க்கரைப் பாகும் அதைத் தாண்டி ஏறும். பிபி உருகுவது சுமார் 160 டிகிரியில் என்றாலும் அதற்கு வெகுமுன்பே இளகும். எண்ணெய் மிதக்கும் மீன் குழம்பை ஐந்து நிமிடம் ஓட்டினால், எண்ணெய் நின்ற மட்டத்தில் டப்பாவின் உட்பக்கம் வட்டமாகச் சொரசொரப்பாகும், சிவப்பும் மஞ்சளும் அங்கே ஏறி நிற்கும். தேய்த்தால் போகாது. "டப்பா மட்டம்" என்று வரும் விமர்சனங்களில் இந்தப் படம்தான் அடிக்கடி இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூடி இன்னொரு விஷயம். லாக் போட்டபடி சூடாக்கினால் உள்ளே நீராவி அழுத்தும். மூடி தெறித்துத் திறக்கலாம், வளையம் வெளியே வரலாம். சில மூடிகளில் நடுவே சின்ன ஆவித் திறப்பு இருக்கும். அது இருந்தால் "திறப்பைத் தூக்கிவிட்டு, லாக்கைக் கழற்றி, மூடியை மேலே சும்மா வைத்துச் சூடாக்கலாம்" என்று எழுதுவதற்கும் தயாரிப்பாளரின் அனுமதி மூடிக்கு இருக்க வேண்டும். நம் செட்டின் மூடியில் அலைக்குறி இல்லை. ஆகவே: "அடிப்பாகம் மட்டும் மைக்ரோவேவில் வைக்கலாம், சூடு பண்ண மட்டும். மூடியை எடுத்துவிடவும். எண்ணெய் அதிகமுள்ள குழம்பு, பாகு, பாயசம் ஆகியவற்றைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிச் சூடாக்கவும்."

கண்ணாடி டப்பாவிலும் இதே கதைதான். கண்ணாடி தாங்கும், அதன் பிளாஸ்டிக் மூடி தாங்காது. மூங்கில் மூடி என்றால் வைக்கவே கூடாது. பொன் நிறக் கோடு, உலோகப் பூச்சுள்ள பூ வேலைப்பாடு இருந்தால் பொறி பறக்கும். மெலமைன் கிண்ணம் மைக்ரோவேவுக்கு ஆகாது. பெட் ஜாடி 70 டிகிரி தாண்டியதும் நெளியத் தொடங்கும். அதற்கு மைக்ரோவேவைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது, "சூடான பண்டம் போடக் கூடாது, வெந்நீரில் கழுவக் கூடாது" என்று எழுத வேண்டும்.

ஃப்ரீசர்

ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் ஒன்றல்ல என்பதை வாங்குகிறவர் அறிவார், லிஸ்டிங் எழுதுகிறவர்தான் சில சமயம் மறந்துபோகிறார். ஃப்ரீசர் என்றால் மைனஸ் 18 டிகிரி. சாதாரண பிபி பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலேயே விறைக்கத் தொடங்கும். அடி தாங்குவதற்கென்று கலவை செய்த பிபி அதைவிட நன்றாகத் தாங்கும். இரண்டிலும் முக்கோணத்துக்குள் அதே 5தான் இருக்கும், எனவே பனிப்பூக் குறி இல்லாமல் எழுதக் கூடாது. குறி இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க உறையவிட்டு, வெளியே எடுத்த உடனே நான்கு மூலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிர்க்கோடு விழுந்திருந்தால் தெரியும். அடுத்து ஒரு டப்பாவை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பாருங்கள். சமையலறையில் அது நடக்கத்தான் போகிறது.

உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும். விளிம்புவரை ரசம் ஊற்றி லாக் போட்டு உறைய வைத்தால் மூடி மேலே தள்ளப்படும், வளையம் நழுவும், சில சமயம் மூலை பிளக்கும். எனவே ஃப்ரீசர் அளவைத் தனியாக ஓர் எண்ணாகக் கொடுங்கள், "கொஞ்சம் இடம் விடவும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். 900 மி.லி. கொள்ளும் டப்பாவில் குழம்பு 800 மி.லி.க்கு மேல் வேண்டாம். 800 உறைந்தால் 872 ஆகும், மூடிக்கு இன்னும் இடம் இருக்கும்.

இன்னும் ஒன்று. ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே லாக்கை நெம்பினால் விறைத்திருக்கும் மடிப்பு பட்டென்று முறியும். "எடுத்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திறக்கவும்" என்ற ஒரு வரி, உடைந்த லாக் புகாரில் பெரும்பங்கைக் குறைக்கும். "ஃப்ரீசரிலிருந்து நேராக மைக்ரோவேவ்" என்பதும் தனி உறுதி. ஃப்ரீசர் சேஃப், மைக்ரோவேவ் சேஃப் இரண்டையும் கூட்டினால் அது வந்துவிடாது. கண்ணாடிக்கு அந்தத் திடீர் மாற்றம் ஆபத்து. தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்தாலன்றி அந்தச் சொற்றொடரைத் தொடாதீர்கள்.

அளவு: விளிம்புவரை எவ்வளவு, மூடினால் எவ்வளவு

சப்ளையர் சொல்லும் மி.லி. பெரும்பாலும் விளிம்புவரை. லாக் மூடியின் உட்புறம் டப்பாவுக்குள் கொஞ்சம் இறங்கும், அந்த இடம் போய்விடும். இரண்டையும் தராசிலேயே கண்டுபிடிக்கலாம், ஏனென்றால் ஒரு கிராம் தண்ணீர் என்பது ஒரு மி.லி. காலி டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் படியுங்கள். பிறகு தொட்டியில் வைத்து மூடியை அழுத்திப் போடுங்கள், உபரி தண்ணீர் வெளியே வழியும். மூடியை எடுத்து, வெளிப்புறம் துடைத்து, மறுபடி தராசில் வைத்துப் படியுங்கள். இரண்டாவது எண்தான் உண்மையான கொள்ளளவு.

நம் செட்டில் கிடைத்தது இப்படி என்று வைத்துக்கொள்வோம்: சிறியது விளிம்புவரை 510, மூடினால் 440. நடுவானது 1020, மூடினால் 900. பெரியது 1810, மூடினால் 1640. ஆறு டப்பாவுக்கும் விளிம்புவரை கூட்டினால் 6.68 லிட்டர், மூடிய நிலையில் 5.96 லிட்டர். ஏறக்குறைய முக்கால் லிட்டர் வித்தியாசம். சப்ளையர் ஏமாற்றவில்லை, அவர் சொன்ன எண் விளிம்புக்குச் சரிதான். வாங்குகிறவர் மூடி போட்டுத்தானே வைக்கப் போகிறார்? இரண்டு எண்ணையும் கொடுங்கள், மூடிய அளவை முதலில்.

மி.லி. மட்டும் போட்டால் "ஒரு கிலோ சீனி பிடிக்குமா" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. கிலோவும் லிட்டரும் ஒன்றென்று நினைத்து "1800 மி.லி. — 1.8 கிலோ" என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒரு லிட்டர் இடத்தில் அரிசி சுமார் 800 கிராம்தான் அடங்கும், கோதுமை மாவு அதைவிடக் குறைவு. நம் பெரிய டப்பாவில் ஒரு கிலோ சீனிப் பாக்கெட் அப்படியே கொட்டலாம். ஒரு கிலோ மாவு தட்டித் தட்டி அமுக்கினால் ஒழிய அடங்காது. நடுவானதில் ஒரு தேங்காய்த் துருவலைப் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். இந்த மாதிரி மூன்று நான்கு சாமான்களைக் கொட்டிப் பார்த்து, அடங்குவதையும் அடங்காததையும் எழுதுங்கள். அடங்காததைச் சொன்னால்தான் அடங்குவதை நம்புவார்கள்.

நீளம், அகலம், உயரம் அளக்கும்போது லாக் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து அளங்கள். ஃப்ரிட்ஜ் தட்டில் இரண்டு டப்பா பக்கத்தில் பக்கத்தில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு சென்டிமீட்டர்தான். காலியாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று போகுமா என்றும் சொல்லுங்கள்.

செட்டில் எத்தனை

டப்பாவை எண்ணுங்கள், மூடியைத் தனியாக எண்ணுங்கள், இரண்டையும் கூட்டாதீர்கள். "12 பீஸ்" என்று விற்பனைத் தளத்தின் பெட்டி கட்டாயப்படுத்தினாலும், தலைப்பில் "6 டப்பா + 6 மூடி" என்றே இருக்கட்டும். முதல் படத்தில் ஆறு டப்பாவும் மூடியோடு நிற்க வேண்டும். மூடிகளைத் தனியே பரப்பிப் படம் எடுத்தால் பன்னிரண்டு டப்பா போலத் தெரியும். படத்தில் டப்பாவுக்குள் போட்டிருக்கும் முந்திரியையும் வண்ணப் பாஸ்தாவையும்விட, பக்கத்தில் நிற்கும் ஒரு கிலோ அரிசிப் பாக்கெட் அளவை நன்றாகக் காட்டும்.

3 டப்பா செட், 6 டப்பா செட் இரண்டும் விற்றால் ஒரே லிஸ்டிங்கின் கீழ் தெரிவுகளாக வைக்கலாம், அளவும் பொருளும் ஒன்றாக இருந்தால் மட்டும். கண்ணாடி செட்டையும் பிளாஸ்டிக் செட்டையும் ஒன்றின்கீழ் போட்டால், கண்ணாடி உடைந்தது என்ற விமர்சனம் பிளாஸ்டிக் டப்பாவின் தலையில் விழும்.

எல்லாம் சேர்ந்தால்

தலைப்பு: நான்கு பக்க லாக் பிளாஸ்டிக் டப்பா செட், 6 டப்பா + 6 மூடி, காற்று புகாது, குழம்பு கசியாது, சிலிக்கான் வளையம், நிறமற்றது

பொருள்: அடிப்பாகம் பிபி. மூடி பிபி. வளையம் சிலிக்கான், கழற்றிக் கழுவலாம்.

செட்டில் இருப்பது: சிறியது 2, நடுவானது 2, பெரியது 2. மூடினால் கொள்ளும் அளவு 440, 900, 1640 மி.லி. (விளிம்புவரை 510, 1020, 1810).

எவ்வளவு பிடிக்கும்: பெரியதில் 1 கிலோ சீனி அல்லது 1 கிலோ அரிசி. 1 கிலோ கோதுமை மாவு அடங்காது. நடுவானதில் ஒரு தேங்காய்த் துருவல்.

மைக்ரோவேவ்: அடிப்பாகம் மட்டும், சூடு பண்ண மட்டும். மூடியை எடுத்துவிடவும். எண்ணெய் அதிகமுள்ளதற்கும் பாகுக்கும் வேண்டாம்.

ஃப்ரீசர்: அடிப்பாகம் ஏற்றது. மூடியைச் சும்மா மேலே வைக்கவும். குழம்பு ஊற்றும் அளவு 390, 800, 1450 மி.லி. வரை.

கறை, வாடை: மஞ்சளும் மிளகாய் எண்ணெயும் நாள்பட நிறம் ஏற்றும். கருவாட்டுக்கு ஒரு டப்பாவை ஒதுக்கவும்.

மூடி தனியாக: கிடைக்காது.

ஃப்ரீசர் வரியில் மூடியை லாக் போடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் மூடியில் பனிப்பூக் குறியும் இல்லையே. அடிப்பாகத்துக்குக் கிடைத்த அனுமதியை மூடிக்கு இழுத்துவிடும் தவறு இந்த வரியில்தான் கை தவறி நுழையும். அதே கவனம் தலைப்பிலும் வேண்டும்: "மைக்ரோவேவ் சேஃப்" அங்கே வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அதைப் பாதியாகச் சொல்ல தலைப்பில் இடமில்லை, முழுதாகச் சொன்னால் தப்பு.

இதோடு சட்டப்படி வர வேண்டியவை: தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர் முகவரி, எந்த நாட்டில் செய்தது, எண்ணிக்கை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு. 2011-ஆம் வருடத்துப் பொட்டலப் பொருள் விதிகள் ஆன்லைன் விற்பனைக்கும் பொருந்தும். எண்ணிக்கையில் இங்கேயும் "6 டப்பா, 6 மூடி" என்றே போடுங்கள். பெட்டியின் ஸ்டிக்கர் ஒன்றும் லிஸ்டிங் இன்னொன்றும் சொன்னால் ரிட்டர்ன் தகராறில் ஸ்டிக்கரைத்தான் நீட்டுவார்கள்.

கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விற்றால் பாதி ஆர்டர் அந்தப் பக்கத்திலிருந்து வரும். மலையாளத்திலும் ஒரு விவரணம் போடுங்கள், ஆனால் தானாக மொழிமாற்றும் வசதியில் விட்டுவிடாமல், மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மூடியை அங்கே மூடி என்றும் சொல்வார்கள், அடப்பு என்றும் சொல்வார்கள்; தேடுகிறவர் இரண்டையும் தட்டுவார், இரண்டும் இருக்கட்டும். குறிப்பாகச் சரிபார்க்க வேண்டிய சொல் "மட்டும்". "அடிப்பாகம் மட்டும் மைக்ரோவேவில்" என்ற வரியில் அந்த ஒரு சொல் விழுந்துவிட்டால் மூடியும் உள்ளே போய்விடும்.

சரக்கு மாறும்போது எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. அடுத்த லாட் வந்ததும் ஒவ்வொரு அளவிலும் ஒரு டப்பாவை எடுத்து, அடியிலும் மூடியிலும் குறிகளைப் பாருங்கள், காகிதச் சோதனையும் தண்ணீர் எடையும் மட்டும் பாருங்கள். அரை மணி நேர வேலை. அச்சு மாறினால் எடை மாறும், வளையம் மாறினால் காகிதம் வழுக்கும்.